தரைத்தளத்தில் ஒரு கிளினிக்: ஒப்பந்தத்தில் எழுத வேண்டிய இரண்டு பத்திகள்

தரைத்தளத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறது. கிளினிக் வைக்க ஒரு டாக்டர் வந்து கேட்கிறார். வாடகை பேசி, அட்வான்ஸ் பேசி, முத்திரைத்தாளில் பழைய மாதிரி ஒப்பந்தம் ஒன்றை எடுத்து, "கிளினிக் நடத்துவதற்காக" என்று ஒரே வரி சேர்த்து இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். பல இடங்களில் நடப்பது இதுதான். தகராறு வருவது பெரும்பாலும் வாடகையால் அல்ல. அந்த இடத்தில் என்னென்ன செய்யலாம், போர்டை எங்கே மாட்டலாம் என்ற இரண்டு விஷயங்களால்தான். இந்த இரண்டையும் முதலிலேயே எப்படிக் கேட்பது, எப்படி எழுதுவது என்று பார்ப்போம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். மதுரையில் ஒரு குடியிருப்புத் தெரு. மாடியில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை குடியிருக்கிறார். கீழே 650 சதுர அடி: முன்னால் ஒரு ஹால், இரண்டு அறைகள், ஒரு கழிப்பறை. பொது மருத்துவம் பார்க்கும் இளம் டாக்டர் ஒருவர் கேட்டு வருகிறார். காலை 9.30 முதல் 1 மணி, மாலை 5 முதல் 9 மணி.

"கிளினிக்னு சொல்லிட்டு நாளைக்கு நாலு கட்டிலைப் போட்டு ஆஸ்பத்திரி ஆக்கிட்டா நான் என்ன தம்பி செய்யறது?" என்கிறார் அந்த அம்மா.

"போட மாட்டேம்மா" என்கிறார் டாக்டர்.

இருவருமே உண்மையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் இந்தப் பேச்சு தாளில் ஏறாவிட்டால், மூன்று ஆண்டு கழித்து யார் என்ன சொன்னார் என்பதற்குச் சாட்சி இருக்காது.

கேட்பதற்கு முன் பார்க்க வேண்டிய தாள்கள்

இடம் பிடித்திருக்கிறது என்பதற்காக உடனே அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. டாக்டர் முதலில் கேட்க வேண்டியது அனுமதி பெற்ற கட்டட வரைபடம். அதில் தரைத்தளம் "வீடு" என்று இருக்கிறதா, "கடை" என்று இருக்கிறதா, "வாகன நிறுத்தம்" என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பவை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம் என்று நிலப் பயன்பாடு பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பிரிவில் எவ்வளவு பரப்பு வரை கிளினிக் நடத்தலாம், வீடாக அனுமதி வாங்கிய இடத்துக்குப் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டுமா என்பதை மாநகராட்சியிலோ திட்டக் குழும அலுவலகத்திலோ எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

இதில் மோசமான வகை ஒன்று உண்டு. தூண்களுக்கு நடுவே கார் நிறுத்த விட்ட இடத்தைச் சுவர் வைத்து அடைத்து, ஷட்டர் போட்டு வாடகைக்கு விடுவது. பார்க்கப் புத்தம் புதிதாக இருக்கும், வாடகையும் குறைவாக இருக்கும். வரைபடத்தில் அது வாகன நிறுத்தமாகவே இருக்கும். என்றாவது சீல் வைக்கும் நோட்டீஸ் வந்தால் டாக்டர் போட்ட தடுப்பு, குழாய், டைல்ஸ் எல்லாம் போயிற்று. வரைபடத்தைக் காட்டத் தயங்கும் இடத்தை விட்டுவிடுவதே மேல்.

இரண்டாவது, மின் இணைப்பு அட்டை. வீட்டு இணைப்பில் கிளினிக் ஓடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சொந்தக் குடியிருப்போடு ஒட்டிய ஆலோசனை அறைக்கு, அதுவும் 200 சதுர அடிக்குள் இருந்தால்தான், வீட்டுக் கட்டணத்தில் இடமுண்டு. மேலே அம்மா குடியிருக்க, கீழே டாக்டர் வாடகைக்கு இருந்தால் அது பொருந்தாது. வணிகக் கட்டணத்துக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாமல் பிடிபட்டால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி இரண்டு மடங்குக் கட்டணம் கணக்கிடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதங்களுக்குப் போடுவார்கள். இணைப்பு உரிமையாளர் பெயரில் இருப்பதால் நோட்டீஸும் அவருக்கே வரும். சொத்து வரியும் இப்படித்தான். குடியிருப்பு அல்லாத பயன்பாட்டுக்கு வரி கூடும். இந்தக் கூடுதலை யார் கட்டுவது என்பதை வாடகை பேசும்போதே பேசிவிட வேண்டும்.

மூன்றாவது, ஜி.எஸ்.டி. உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்தால் வணிக இட வாடகைக்கு 18 சதவீதம் சேரும். மருத்துவ சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் டாக்டர் அந்த வரியை எங்கும் கழித்துக்கொள்ள முடியாது. 20,000 ரூபாய் வாடகை அவருக்கு 23,600 ஆகிவிடும்.

முதல் பத்தி: என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது

"கிளினிக்" என்று மட்டும் எழுதினால் இருவருக்குமே ஆபத்து. உரிமையாளர் கண்ணில் அது ஒரு மேசை, ஒரு ஸ்டெதஸ்கோப். டாக்டர் மனத்தில் அது தடுப்பூசி, ஈ.சி.ஜி., இரத்த மாதிரி, வாரம் ஒரு நாள் தோல் டாக்டர், பிற்பாடு ஸ்கேன். எனவே செய்யப்போவதைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். செய்யாததையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். நம் எடுத்துக்காட்டில் அந்தப் பத்தி இப்படி இருக்கலாம்:

"வாடகைதாரர் இந்த இடத்தை வெளிநோயாளிகளுக்கான பொது மருத்துவ கிளினிக்காக மட்டும் பயன்படுத்துவார். ஆலோசனை, ஊசி, தடுப்பூசி, காயத்துக்குக் கட்டுப் போடுதல், நெபுலைசர், ஈ.சி.ஜி., இரத்த மாதிரி எடுத்தல் ஆகியவை இதில் அடங்கும். நோயாளிகளை இரவு தங்க வைத்தல், பிரசவம், மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் அறுவை சிகிச்சை, எக்ஸ்ரே, ஸ்கேன், மருந்துக்கடை ஆகியவை இதில் அடங்கா. இவற்றில் எதையேனும் சேர்க்க உரிமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்."

இந்தப் பட்டியலில் ஸ்கேனையும் மருந்துக்கடையையும் தனியாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஸ்கேன் இயந்திரம் இருக்கும் இடமே பதிவாகிறது. கதவில் எச்சரிக்கை போர்டு வைப்பது தொடங்கி ஆய்வுக்கு அதிகாரிகள் வந்துபோவது வரை எல்லாம் அந்த முகவரிக்கே. எக்ஸ்ரேக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும். மருந்துக்கடைக்கு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் தனி உரிமம், குறைந்தது 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். அது பெரும்பாலும் வேறொருவர் பெயரில் நடக்கும். அப்படி நடந்தால் அது உள்வாடகை. உரிமையாளர் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது.

வாரம் ஒரு நாள் வரும் வேறு டாக்டர் விஷயத்திலும் இதே சிக்கல் வரும். அவர் பங்கு கொடுத்து அறையைப் பயன்படுத்தினால், "உள்வாடகைக்கு விட்டுட்டீங்க" என்று உரிமையாளர் சொல்ல இடமுண்டு. "வாடகைதாரரின் மேற்பார்வையில் வேறு பதிவு பெற்ற மருத்துவர் வந்து நோயாளிகளைப் பார்ப்பது உள்வாடகை ஆகாது" என்று ஒரு வரி சேர்த்தால் அந்தப் பேச்சே எழாது.

பயன்பாட்டுப் பத்திக்குச் சட்டத்தில் பலம் இருக்கிறது. எந்த நோக்கத்துக்காக வாடகைக்கு விடப்பட்டதோ அதைத் தவிர வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 108ஆம் பிரிவு. நில உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய தமிழ்நாட்டுச் சட்டம் 2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நோட்டீஸ் கொடுத்த பிறகும் இடத்தைத் தவறாகப் பயன்படுத்தினால் காலி செய்யச் சொல்ல அது ஒரு காரணம் ஆகும். பத்தி தெளிவாக இருந்தால் அது உரிமையாளருக்குக் காவல். பட்டியல் போதுமான அளவு விரிவாக இருந்தால் டாக்டருக்கும் காவல்.

இதே பத்தியில்தான் மருத்துவக் கழிவும் வர வேண்டும். தலைமையாசிரியை அம்மாவின் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி இரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், சிரிஞ்சு போன்ற பிளாஸ்டிக் சிவப்புப் பையில், ஊசி முனைகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில், மருந்துக் கண்ணாடிக் குப்பிகள் நீல நிறப் பெட்டியில் சேர வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் வண்டி வந்து எடுத்துப் போகும். கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது இரண்டு: பைகள் உள்ளே எந்த மூலையில் பூட்டி வைக்கப்படும், தெருக் குப்பைத் தொட்டியிலோ வீட்டுக் குப்பையிலோ அவை சேராது. பின்னால் கழிப்பறை ஓரம் ஒரு சிறு அலமாரி என்று வரைபடத்தில் குறித்துக் காட்டினால் அந்த அம்மாவின் கவலை பாதி தீரும்.

வாசல் சாய்தளம்

கீழ்த்தளத்தை டாக்டர்கள் தேடுவதே முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் எளிதாக ஏறி வரத்தான். ஆனால் நம் ஊர் வீடுகளில் கீழ்த்தளம் என்றாலும் தரைமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில்தான் இருக்கும். சாய்தளத்துக்கு 12 அடி நீளத்துக்கு 1 அடி ஏற்றம் என்பது ஏற்கப்பட்ட அளவு. ஒன்றரை அடிக்கு 18 அடி நீளம் வேண்டும். அந்த வீட்டில் வாசலுக்கும் மதில் சுவருக்கும் இடையே 12 அடிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேராகப் போட்டால் சாய்தளம் தெருவுக்கு நீளும். அது பொது இடம், மாநகராட்சி இடித்துவிடும். சரிவைச் செங்குத்தாக்கினால் நாற்காலியைத் தள்ளுபவர் திணறுவார். வீட்டு முன்சுவரை ஒட்டி ஓரமாகக் கொண்டுபோய், ஒரு திருப்பத்தில் சமதளம் விட்டு வாசலில் சேர்க்கலாம். ஆனால் அங்கேதான் அம்மாவின் மகன் ஸ்கூட்டர் நிறுத்துகிறார்.

இதை வேலை தொடங்கிய பிறகு பேசினால் சண்டை, முன்பே பேசினால் ஓர் உடன்பாடு. சாய்தளம் எங்கே வரும், நோயாளிகளின் வண்டிகள் எங்கே நிற்கும், மாடிப்படிக்குப் போகும் வழி எந்நேரமும் திறந்திருக்கும் என்று எழுதிவிட வேண்டும். நிரந்தரக் கட்டுமானத்துக்கு உரிமையாளர் ஒப்புதல் சட்டப்படியே தேவை. காலி செய்யும்போது சாய்தளத்தை இடிக்க வேண்டுமா, அப்படியே விடலாமா என்பதும் அதே வரியில் வரட்டும்.

இரண்டாம் பத்தி: போர்டு

போர்டைப் பற்றி உரிமையாளருக்கு இருக்கும் பயம், வீட்டின் முகமே மறைந்துவிடும் என்பது. டாக்டர்களுக்கான நடத்தை விதிகளே இந்தப் பயத்தைப் பாதி குறைத்துவிடுகின்றன என்பது பலருக்குத் தெரியாது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள் இன்றும் நடைமுறையில் உள்ளன. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த புதிய விதிகள் வெளிவந்த மாதத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டன. வழக்கத்துக்கு மீறிய பெரிய போர்டை டாக்டர் வைக்கக் கூடாது என்கிறது 2002ஆம் ஆண்டு விதிமுறை. போர்டில் டாக்டரின் பெயர், பல்கலைக்கழகமோ சட்டப்படியான அமைப்போ கொடுத்த தகுதி, பட்டம், சிறப்புத் துறை, மாநில மருத்துவக் கவுன்சிலின் பெயருடன் பதிவு எண் ஆகியவைதான் வரலாம். மருந்துக்கடையிலோ, தான் வசிக்காத, வேலை செய்யாத இடத்திலோ போர்டு மாட்டுவது முறையல்ல என்றும் சொல்கிறது. கட்டண விவரத்தைத் தன் அறைப் பலகையில் காட்ட வேண்டும் என்பதும் அதில் உண்டு. எனவே "சர்க்கரை நோய்க்கு உறுதியான தீர்வு" என்ற வாசகமோ, டாக்டரின் ஆளுயரப் படமோ அந்தச் சுவரில் வரக் காரணமே இல்லை. இதை டாக்டர் தாமாகவே எடுத்துச் சொன்னால் உரிமையாளர் மனம் இளகும்.

மொழியையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்களின் பெயர்ப்பலகையில் தமிழ் மேலே, பெரிதாக இருக்க வேண்டும். தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்ற விகிதத்தில் அமைய வேண்டும் என்பது அரசின் நிலைப்பாடு. கிளினிக் போர்டையும் முதலிலேயே இந்த அளவில் எழுதச் சொல்லிவிட்டால் பிறகு மாற்றி எழுதும் செலவு இல்லை.

ஒப்பந்தத்தில் போர்டு பற்றி எழுதும்போது வார்த்தையைவிட அளவும் படமும் முக்கியம். நம் எடுத்துக்காட்டில்:

"ஷட்டருக்கு மேல் உள்ள முன்சுவரில் 8 அடி நீளம், 2 அடி உயரத்துக்கு மிகாத ஒரு பெயர்ப்பலகையும், வாசல் கதவருகே 2 அடிக்கு 1 அடி அளவில் நேரப் பலகை ஒன்றும் வாடகைதாரர் தம் செலவில் வைக்கலாம். பலகை மதில் சுவருக்கு வெளியே நீளக் கூடாது. மாடி ஜன்னலை மறைக்கக் கூடாது. விளக்கு கிளினிக்கின் மீட்டரில் இருந்தே எரியும், இரவு 9.30க்கு அணைக்கப்படும். இணைப்பில் உள்ள படம் இந்த ஒப்பந்தத்தின் பகுதி."

முன்பக்கத்தை போனில் படம் எடுத்து, போர்டு வரும் இடத்தில் கட்டம் போட்டு, இருவரும் அதிலேயே கையெழுத்திட்டால் போதும். 8 அடியா 10 அடியா என்ற வாக்குவாதம் அதோடு முடிந்தது.

இன்னும் சில இடங்களில் கவனம் வேண்டும். அடுக்குமாடிக் கட்டடமாக இருந்தால் வெளிச்சுவர் பெரும்பாலும் பொதுச் சொத்து. கடை உரிமையாளர் ஒருவர் மட்டும் சம்மதித்தால் போதாது, சங்கத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். தெருமுனையில் அம்புக்குறி போர்டு வைக்க உரிமையாளரிடம் கேட்டுப் பயனில்லை. அது அவர் இடம் அல்ல. உரிமையாளருக்கு வரும் சந்தேகம் வேறு: பின்னாளில் மாடிக்கு இன்னொரு வாடகைதாரர் வந்தால் அவர் போர்டு எங்கே? அதற்கும் இப்போதே ஓர் இடம் ஒதுக்கிவிடலாம். டாக்டர் போர்டின் மேல் "வாடகைக்கு" பலகையோ பண்டிகை ஃபிளெக்ஸோ கட்டக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

காலி செய்யும் நாளையும் இந்தப் பத்தியிலேயே எழுத வேண்டும். போர்டைக் கழற்றுவதும், ஓட்டைகளை அடைத்து அந்தச் சுவருக்கு வர்ணம் பூசுவதும் டாக்டர் பொறுப்பு. அதற்கு ஈடாக, "கிளினிக் இந்த முகவரிக்கு மாறியுள்ளது" என்ற சிறு பலகையை 60 நாள்கள் வைத்திருக்க உரிமையாளர் அனுமதிக்க வேண்டும். முகவரி மாற்றத்தை அறிவிப்பதை மருத்துவ நடத்தை விதிகள் தடுக்கவில்லை. பலகை இல்லாவிட்டால் காய்ச்சல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் இரவில் மாடி மணியைத்தான் அழுத்துவார்கள். எனவே இது உரிமையாளருக்கும் வசதிதான்.

எவ்வளவு காலத்துக்கு, எங்கே பதிவு

11 மாத ஒப்பந்தம் போடும் வழக்கம் பதிவுச் செலவைத் தவிர்க்க வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும் என்பது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். ஆனால் டாக்டருக்கு 11 மாதம் சரிப்படாது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் கிளினிக் பதிவாக வேண்டும். விண்ணப்பம் மாவட்ட நலப் பணிகள் இணை இயக்குநர் வழியே போகிறது. சான்றிதழ் 5 ஆண்டுக்கு, அந்த முகவரிக்கு. உள்ளே தடுப்பு, கை கழுவும் தொட்டி, சாய்தளம் என்று செலவழித்தவர் 11 மாதத்தில் கிளம்ப முடியாது. மூன்று அல்லது ஐந்து ஆண்டுக்குப் போட்டு, சார்பதிவாளரிடம் பதிவு செய்வதே நியாயம். நகர்ப்புறங்களில் இதோடு வாடகை அதிகார அலுவலரிடமும் ஒப்பந்தத்தைப் பதிவு செய்து எண் பெற வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது.

டாக்டர் கேட்க வேண்டிய இன்னொரு வரி உண்டு. கட்டடத்தின் அனுமதியில் உள்ள குறையால் கிளினிக் பதிவோ மின் இணைப்பு மாற்றமோ மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்ப வர வேண்டும்; அதுவரையிலான வாடகை தவிர வேறு பிடித்தம் கூடாது. நல்ல தாள் வைத்திருக்கும் உரிமையாளர் இதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். மறுத்தால், ஏன் என்று டாக்டர் யோசிக்க வேண்டும்.

கேட்பவர் இதையெல்லாம் ஒரு பக்கக் கடிதமாக எழுதி, போர்டு படத்தையும் இணைத்து, பேச்சு தொடங்கும் முன்பே உரிமையாளரிடம் கொடுத்துவிடலாம்: செய்யப்போவது இவை, செய்யாதவை இவை, நேரம் இது, கழிவு இப்படி, போர்டு இந்த அளவு, காலம் இத்தனை ஆண்டு. உரிமையாளர் அதை மகனிடம் காட்டலாம், வக்கீலிடம் காட்டலாம், நாலு நாள் யோசிக்கலாம். அவர் சரி என்ற பிறகு அதே வாசகங்களை ஒப்பந்தத்தில் ஏற்றுங்கள். பயன்பாட்டுப் பத்தியும் போர்டுப் பத்தியும் இல்லாத ஒப்பந்தத்தில் டாக்டரும் கையெழுத்துப் போட வேண்டாம், உரிமையாளரும் போட வேண்டாம்.